‘ஏப்ரல் முதல் ஆப்பில் கட்டவும்’: நான்கு வரி அறிவிப்பு சொல்லாமல் விடுவது

“அனைவருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் மாதம் முதல் மெயின்டனன்ஸ் தொகை ஆப் மூலம் மட்டுமே வசூலிக்கப்படும். கீழே உள்ள லிங்க்கை அழுத்தி டவுன்லோடு செய்துகொள்ளவும். 10ஆம் தேதிக்கு மேல் கட்டினால் தாமதக் கட்டணம் சேரும். இப்படிக்கு, செயலாளர்.”

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குரூப்களில் இந்த மாதிரியான செய்தி இப்போது வழக்கமாகிவிட்டது. பெங்களூரில் தொடங்கிய மைகேட், நோபுரோக்கர்ஹூட் போன்ற ஆப்கள் முதலில் பெரிய வளாகங்களின் வாசல் காவலுக்கும் விருந்தினர் பதிவுக்கும் வந்தன. பிறகு கணக்கு வழக்கும் அவற்றுக்குள் சேர்ந்தது. இன்று 20 வீடுகள் உள்ள சிறிய கட்டடம்கூட வசூலுக்கு ஆப் தேடுகிறது.

செய்தி வந்த சற்று நேரத்திலேயே குரூப்பில் கேள்விகள் குவியும். “சார், நான் ஜூன் வரைக்கும் அட்வான்ஸா கட்டிட்டேனே?” “எங்க அப்பாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு, அவர் என்ன பண்றது?” “பணம் யார் அக்கவுன்ட்டுக்குப் போகுது?” “கிரெடிட் கார்டுல கட்டினா எக்ஸ்ட்ரா பிடிப்பாங்களா?” “நான் வாடகைக்கு இருக்கேன், பில் எனக்கு வருமா ஓனருக்கு வருமா?” அத்தனையும் நியாயமான கேள்விகள். அந்த நான்கு வரியில் ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆப் வந்த முதல் இரண்டு மாதங்களில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி ஆப்பால் வருவதில்லை, இந்த அறிவிப்பில் விட்டுப்போனவற்றால் வருகிறது.

முதலில், சங்கம் ஏன் ஆப்புக்குப் போகிறது என்பதைப் பொருளாளரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். சென்னைப் புறநகரில் 48 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு மாதம் 3,500 ரூபாய். எல்லோரும் கட்டினால் மாதம் 1,68,000 ரூபாய் வர வேண்டும். பணம் வந்துவிடுகிறது; அது யாருடைய பணம் என்பதுதான் தெரிவதில்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரவுக்கும் அனுப்பியவர் பெயரும் ஒரு எண்ணும் இருக்கும். வீட்டு எண் இருக்காது. பி-304 வீட்டுக்கான பணத்தை வெளியூரில் இருக்கும் மகன் அனுப்பியிருப்பார். ஏ-102க்கு வாடகைதாரரின் மனைவி கணக்கிலிருந்து வந்திருக்கும். ஒருவர் 3,500க்குப் பதில் 3,000 போட்டிருப்பார். இன்னொருவர் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 10,000 போட்டு, மீதியைப் பிறகு தருவதாகச் சொல்லியிருப்பார். சிலர் காசோலை, சிலர் வாட்ச்மேனிடம் ரொக்கம். பொருளாளர் வேலைக்குப் போய்விட்டு வந்து, சம்பளம் இல்லாமல், ராத்திரி உட்கார்ந்து இந்த 48 முடிச்சுகளை அவிழ்க்கிறார்.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஸ்கிரீன்ஷாட். கட்டியவர் குரூப்பில் படத்தைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுகிறார். ஆனால் ஸ்கிரீன்ஷாட் பணம் புறப்பட்டதைக் காட்டுமே தவிர, சங்கத்தின் கணக்கில் சேர்ந்ததற்குச் சாட்சி ஆகாது. திருத்தவும் எளிதானது. மூன்று மாதம் கழித்து அந்தப் படத்தைக் குரூப்பில் தேடி எடுப்பதும் முடியாத காரியம்.

ஆப் செய்யும் உருப்படியான வேலை இந்த இடத்தில்தான். பணம் கட்டுவதை அது பெரிதாக எளிதாக்கிவிடவில்லை; ஜிபேயும் போன்பேயும் அதை எப்போதோ எளிதாக்கிவிட்டன. வந்த பணத்தை வீட்டோடு பொருத்துவதுதான் ஆப்பின் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணிட்ட பில் போகிறது. அந்த பில்லுக்குள் இருக்கும் ‘கட்டு’ பட்டனை அழுத்திக் கட்டும்போது, பணத்தோடு பில் எண்ணும் சேர்ந்து பயணிக்கிறது. மகன் கட்டினாலும் மருமகள் கட்டினாலும் அது பி-304இன் கணக்கில் போய் உட்காரும். ரசீது தானாக வரும். வங்கிப் பரிமாற்றம் செய்பவர்களுக்காகச் சில ஆப்கள் வீட்டுக்கு ஒரு தனிக் கணக்கு எண்ணைத் தருகின்றன. அது உண்மையான சேமிப்புக் கணக்கு அல்ல, அடையாள எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு அனுப்பிய பணம் சங்கத்தின் கணக்கில் சேரும்போது, எந்த வீடு என்ற தகவலும் கூடவே வந்துவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஆப்புக்குள் கட்டாத பணம் ஆப்பின் கண்ணுக்குத் தெரியாது. பல ஆண்டுகளாக ஒன்றாம் தேதியன்று தானாகப் போகும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு போட்டு வைத்திருப்பவர்கள் எல்லாக் கட்டடத்திலும் இருப்பார்கள். அறிவிப்பு வந்த பிறகும் அவர்கள் பணம் சங்கத்தின் பழைய கணக்கு எண்ணுக்கே நேராகப் போய்க்கொண்டிருக்கும். பணம் சங்கத்திடம் இருக்கும்; ஆப் பாக்கி என்று சொல்லும்; 11ஆம் தேதி தாமதக் கட்டணமும் ஏறும். ஒழுங்காகக் கட்டிவந்த மனிதருக்கே முதல் மாதம் பாக்கி நோட்டீஸ் போகிறது. ‘வங்கியில் போட்டு வைத்த பழைய உத்தரவை மார்ச் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள்’ என்ற ஒரே வரி அறிவிப்பில் இருந்தால் இந்தப் புண்படுத்தல் நேராது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆரம்ப நிலுவை. ஆப்பில் கணக்குத் தொடங்கும் நாளன்று ஒவ்வொரு வீட்டின் பெயரிலும் ஒரு தொகை ஏற்றப்படுகிறது. அதுவரை இருந்த பாக்கி அல்லது முன்பணம் அது. பொருளாளரின் எக்செல் தாளில் என்ன இருந்ததோ அது அப்படியே ஏறும். தாளில் பிழை இருந்தால் பிழையும் ஏறும்.

நம் உதாரணக் குடியிருப்பில் பி-304 வீட்டுக்காரர் ஜனவரியில் 3,000 மட்டும் கட்டினார். 500 ரூபாய் பாக்கி. அதற்கு முந்தைய ஆண்டு தண்ணீர் மோட்டார் மாற்ற வீட்டுக்கு 1,200 ரூபாய் தனி வசூல் நடந்தது. அதை அவர் பழைய பொருளாளரிடம் ரொக்கமாகக் கொடுத்துக் கைரசீது வாங்கிவிட்டார். ஆனால் எக்செல்லில் யாரும் வரவு வைக்கவில்லை. ஆகவே ஆப்பில் அவர் பெயரில் ஆரம்ப நிலுவை 1,700 என்று ஏறுகிறது. உண்மையில் அவர் தர வேண்டியது 500தான்.

ஏப்ரல் 5ஆம் தேதி அவர் 3,500 ரூபாய் கட்டுகிறார். ஏப்ரல் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார். பெரும்பாலான கணக்கு மென்பொருள்கள் வந்த பணத்தை முதலில் பழைய பாக்கிக்குத்தான் கழிக்கும். 1,700 அங்கே போய்விடுகிறது. மீதி 1,800தான் ஏப்ரல் பில்லுக்கு. ஏப்ரலில் 1,700 ரூபாய் குறைவதாக ஆப் காட்டுகிறது. 10ஆம் தேதி தாண்டியதும் தாமதக் கட்டணம் 100 ரூபாய் சேர்கிறது. மே மாத பில் வரும்போது அவர் திரையில் 5,300 ரூபாய் நிற்கிறது. “நான் ஒழுங்காத்தானே கட்டினேன், இந்த ஆப் ஏமாத்துது” என்று குரூப்பில் எழுதுகிறார். அவரைப் போல ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் போதும், பழைய முறைக்கே திரும்பலாம் என்ற குரல் எழும்பிவிடும்.

தீர்வு எளிதுதான். கைரசீதைப் பார்த்து 1,200 ரூபாயை மார்ச் 31 தேதியிட்டு வரவு வைக்க வேண்டும். 100 ரூபாய் தாமதக் கட்டணத்தைக் கமிட்டி தள்ளுபடி செய்ய வேண்டும். 5,300இல் இந்த 1,300 போனால் 4,000. அதாவது பழைய 500, மே மாதத்து 3,500. சரியாக வந்துவிட்டது. ஆனால் இதை மே மாதத்தில், நாலு பேர் பார்க்கச் சண்டை போட்ட பிறகு செய்வதற்கும், மார்ச்சிலேயே வீட்டுக்கு வீடு கணக்கைக் கொடுத்துச் சரிபார்த்துச் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. முதல் இரண்டு மாதங்களுக்குத் தாமதக் கட்டண வசதியை ஆப்பில் நிறுத்தி வைக்கவும் முடியும். பல கமிட்டிகள் இதைச் செய்வதே இல்லை.

இனி, ‘பணம் யார் அக்கவுன்ட்டுக்குப் போகுது?’ என்ற கேள்வி. இதைக் கேட்பவரைச் சந்தேகப் பிராணி என்று ஒதுக்கக் கூடாது. மிகச் சரியான கேள்வி இதுதான். ஆப்பில் கட்டும் பணம் பொதுவாக நேராகச் சங்கத்துக்குப் போவதில்லை. நடுவில் ‘பேமென்ட் அக்ரிகேட்டர்’ எனப்படும் பணம் திரட்டித் தரும் நிறுவனம் ஒன்று இருக்கும். இவற்றுக்கு ரிசர்வ் வங்கி 2020இல் விதிகள் வகுத்தது. அதன்படி மக்களிடமிருந்து வாங்கும் பணத்தை அந்த நிறுவனம் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல், ஒரு வங்கியில் எஸ்க்ரோ எனும் தனிக் கணக்கில் வைத்து, அங்கிருந்து சங்கத்தின் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அதனால்தான் இன்று கட்டிய பணம் சங்கத்தின் பாஸ்புக்கில் அடுத்த வேலைநாளில் தெரிகிறது. இதில் பதற ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது கடைசியில் சேரும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது. பதிவு செய்த சங்கம் என்றால் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் பான் எண்ணோடு வங்கிக் கணக்கு இருக்கும். பதிவுச் சான்று, பான், கமிட்டித் தீர்மானம் ஆகியவற்றைக் கொடுத்துத்தான் ஆப்பில் சேர வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பல குடியிருப்புச் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. பதிவே செய்யாத சின்னக் கட்டடங்களில் செயலாளரின் சொந்தக் கணக்கையே இணைத்துவிடும் வழக்கம் உண்டு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இது கூடாது. நாளை அவர் வீட்டை விற்றுப் போனாலோ, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டாலோ, கட்டடத்தின் பணம் அவர் குடும்பத்தின் வாரிசுச் சிக்கலில் மாட்டிக்கொள்ளும்.

கட்டண விஷயம் சுருக்கமானது. யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டிலும் வங்கிகள் வணிகரிடம் வசூலிக்கும் எம்டிஆர் கட்டணம் 2020 ஜனவரியிலிருந்து கிடையாது. கிரெடிட் கார்டுக்கு உண்டு. உதாரணமாக 1.5 சதவீதம் என்றால் 3,500 ரூபாய்க்கு 52 ரூபாய் 50 காசு, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக ஏறத்தாழ 62 ரூபாய். இதைக் கட்டுபவர் ஏற்பதா, சங்கம் ஏற்பதா என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சில ஆப்கள் தங்கள் சேவைக் கட்டணம் என்று தனியாகவும் சேர்ப்பதுண்டு. செயலாளர் முதலில் தன் வீட்டு பில்லைக் கட்டிப் பார்த்து, கடைசித் திரையில் என்ன தொகை வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு மற்றவர்களுக்கு எழுதுவது நல்லது.

ஜிஎஸ்டி என்றதும் இன்னொன்று. மெயின்டனன்ஸ் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா என்பது இரண்டு எல்லைகளைப் பொறுத்தது: சங்கத்தின் ஆண்டு வசூல் 20 லட்சத்தைத் தாண்ட வேண்டும், ஒரு வீட்டின் மாதத் தொகையும் 7,500ஐத் தாண்ட வேண்டும். நம் 48 வீட்டுக் குடியிருப்பின் ஆண்டு வசூல் 20,16,000. முதல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் மாதத் தொகை 3,500தான் என்பதால் மெயின்டனன்ஸுக்கு வரி இல்லை. மாதம் 9,000 வாங்கும் பெரிய வளாகத்தில் கதை வேறு. முழுத் தொகைக்கும் வரி என்றால் 1,620 ரூபாய். 7,500க்கு மேற்பட்ட 1,500க்கு மட்டும் என்றால் 270 ரூபாய். முழுத் தொகைக்கும் என்று மத்திய அரசு 2019இல் சுற்றறிக்கை விட்டது; மிஞ்சிய தொகைக்கு மட்டும்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆப் தானாக முடிவெடுக்காது, அமைப்பில் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அதைத்தான் கணக்கிடும். ஆகவே முதல் பில் அனுப்பும் முன் ஆடிட்டர் அந்த அமைப்பைப் பார்த்துவிட வேண்டும்.

‘கீழே உள்ள லிங்க்கை அழுத்தவும்’ என்ற வரியைத்தான் முதலில் அடிக்க வேண்டும். வங்கிச் செய்தி, போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று பல வேடங்களில் வாட்ஸ்அப்பில் வரும் .apk கோப்புகள் போனுக்குள் புகுந்து ஓடிபிகளைத் திருடும் மோசடி இந்தியா முழுவதும் நடக்கிறது. இருநூறு பேர் உள்ள குரூப்பில் ஒருவர் கணக்கு களவு போனால், அவர் பெயரிலேயே பொய்யான லிங்க் வரும். ஆப்பின் பெயரைச் சொல்லி, பிளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ நீங்களே தேடி எடுங்கள் என்று எழுதினால் போதும். அதே அறிவிப்பின் கையெழுத்திட்ட நகல் லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். குரூப்பில் வந்தது உண்மைதானா என்று பார்க்க அதுதான் ஆதாரம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

‘ஆப் மூலம் மட்டுமே’ என்ற சொல்லும் வேண்டாம். 75 வயதில் தனியாக இருக்கும் ஓர் அம்மா இத்தனை வருடம் காசோலை எழுதிக் கொடுத்து வந்திருப்பார். அவரை யாரோ ஒருவரின் போனை நம்பி வாழச் செய்வது அநியாயம். தேவையும் இல்லை. காசோலையாக வந்த பணத்தைப் பொருளாளர் ஆப்பில் பதிவு செய்தால் அதே எண் வரிசையில் ரசீது வரும். அதை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். 48இல் நாலைந்து வீடுகளுக்கு இதைச் செய்வது பெரிய வேலை அல்ல.

வாடகை வீடுகளில் பில் யாருக்கு என்பதையும் எழுதிவிட வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் உரிமையாளர்தான். மாதத் தொகையை வாடகைதாரர் கட்டுவது அவர்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தம். ஆகவே மாத பில் இருவருக்கும் போகலாம். பெயின்ட் அடிக்க, லிஃப்ட் மாற்ற என்று வரும் பெரிய வசூல் உரிமையாளருக்கு மட்டும் போக வேண்டும்.

இத்தனையும் சேர்த்தால் அறிவிப்பு எப்படி இருக்கும்? நம் உதாரணச் சங்கத்தின் செயலாளர் மார்ச் தொடக்கத்தில் இப்படி எழுதலாம்:

“அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழு முடிவின்படி ஏப்ரல் பில் முதல் மெயின்டனன்ஸ் தொகையை ஆப்பில் கட்டலாம். ஆப்பின் பெயர் நோட்டீஸ் போர்டில் உள்ளது. பிளே ஸ்டோரில் நீங்களே தேடி எடுங்கள், யார் அனுப்பும் லிங்க்கையும் அழுத்த வேண்டாம். பணம் சேர்வது சங்கத்தின் பெயரில் உள்ள அதே வங்கிக் கணக்கில்தான். யுபிஐயில் கட்டினால் கூடுதல் கட்டணம் இல்லை. கிரெடிட் கார்டு கட்டணம் கட்டுபவரைச் சேர்ந்தது. மார்ச் 31 வரையிலான உங்கள் வீட்டுக் கணக்குச் சீட்டு மார்ச் 15க்குள் கைக்கு வரும். தவறு இருந்தால் 25ஆம் தேதிக்குள் ரசீதோடு பொருளாளரைப் பாருங்கள். வங்கியில் தானாகப் போகும்படி போட்ட உத்தரவை மார்ச்சோடு நிறுத்திவிடுங்கள். காசோலை தருபவர்கள் வழக்கம்போல் தரலாம், ரசீது உண்டு. ஏப்ரல், மே மாதங்களுக்குத் தாமதக் கட்டணம் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை கீழே அலுவலக அறையில் இருப்போம்.”

குரூப் செய்தியாக இது நீளம்தான். ஆனாலும் முதல் வாரத்து நூறு கேள்விகளைவிடக் குறைவு.

பிறகும் சில தடங்கல்கள் வரும். வங்கியில் பணம் கழிந்திருக்கும், ஆப்பில் ‘கட்டவில்லை’ என்று நிற்கும். அப்போது உடனே மறுபடி கட்டக் கூடாது. யுபிஐ ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வணிகருக்குச் செலுத்திய யுபிஐ பணம் உறுதியாகாமல் நின்றுவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அவசரத்தில் இருமுறை கட்டி இரண்டும் சேர்ந்துவிட்டால் ஒன்று அடுத்த மாதத்துக்கு முன்பணமாக நிற்கும்.

கமிட்டிக்கு ஒரு வேலை மாதந்தோறும் உண்டு. வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஆப்பின் வசூல் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஆப்பில் தெரியாமல் வங்கிக்கு நேராக வந்த பணம் எது என்று பார்த்து ஏற்ற வேண்டும். முடிந்ததும் எல்லா வீட்டுக் கணக்கையும் எக்செல்லாக இறக்கிச் சங்கத்தின் கணினியில் வைக்க வேண்டும். ஆப் நிறுவனம் கட்டணத்தை உயர்த்தலாம், சங்கம் வேறு ஆப்புக்கு மாறலாம். கணக்கு சங்கத்தின் கையில் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கட்டடத்தில் ஆப்புக்கு மாறும் பேச்சு நடந்தால், எந்த ஆப் என்ற விவாதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் வீட்டுக்கு வீடு நிலுவைக் கணக்குச் சீட்டைக் கொடுத்து, ‘சரி’ என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாத வீட்டுக்கு முதல் பில்லை அனுப்பாதீர்கள்.